முன்கூட்டியே போட்ட கையெழுத்து

திருவெள்ளறை பானுப்ரியாவுக்குப் பயம் கொஞ்சம் குறைவு. திருச்சியில் நர்சிங் படிக்கச் சேர்ந்த மூன்றாம் மாதமே அது விடுதிக்குத் தெரிந்துவிட்டது.

வெள்ளி மாலை பாதிப் பெண்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். யார் யார் போனார்கள் என்ற கணக்கு சமையலறைக்குப் போகாது. மாஸ்டர் காசிநாதன் ஞாயிறு மதியமும் இருநூறு பேருக்கே பட்டாணி குருமா வைப்பார். மிஞ்சியது திங்கள் இரவு உருளைக்கிழங்கும் மிளகாய்த்தூளும் சேர்ந்து 'கிரேவி' என்று வரும். தேங்காய் அரைத்த குழம்பு. எவ்வளவு கொதிக்கவைத்தாலும் ஓரத்தில் நுரை நிற்கும், நாக்கில் புளிக்கும். பக்கத்துக் கட்டில் நிஷா இரண்டு முறை வாந்தி எடுத்தாள். பானு புகார் நோட்டில் எழுதினாள். மறுநாள் அந்தப் பக்கத்தையே காணோம்.

பரிமாறும் முன் மெஸ் வார்டன் ருசி பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. அந்த நோட்டு சமையலறை வாசலில் தொங்கும். 24ஆம் தேதி திங்கள் மதியம் தட்டுக் கழுவப் போன பானு அதைப் புரட்டினாள். அன்று இரவுக்கான கட்டத்தில் வார்டன் இருதயமேரி மேடத்தின் கையெழுத்து அப்போதே இருந்தது. படம் எடுத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து எழுதினாள்:

"மதிப்பிற்குரிய மேடம், இம்மாதம் 3, 10, 17 ஆகிய மூன்று திங்கள் இரவும் முந்தின நாள் குருமாவே பரிமாறப்பட்டது. திங்கள் மெனுவில் பட்டாணி கிடையாது. எங்கள் தட்டில் இருந்தது. இன்னும் சமைக்காத இன்றிரவுச் சாப்பாட்டை நீங்கள் ருசி பார்த்ததாக நோட்டு சொல்கிறது. இன்றிரவு எங்களுக்கு முன் உட்கார்ந்து சாப்பிடக் கேட்டுக்கொள்கிறேன். நகல்: முதல்வர்."

கடிதத்தைப் படித்ததும் மேடம் கூப்பிட்டு அனுப்பினார். "உனக்கு ஹாஸ்டல் சீட்டு வேணுமா, சண்டை வேணுமா?"

"சீட்டும் வேணும், நல்ல சாப்பாடும் வேணும் மேடம்."

"லெட்டரை வாபஸ் வாங்கு. இல்லன்னா இப்பவே வீட்டுக்குப் போன் பண்றேன்."

"பண்ணுங்க. அக்காதான் எடுப்பாங்க."

அக்கா ஆனந்தவள்ளி பத்தாவதோடு நின்றவள், துணி தைப்பவள். போனில் மேடம் சொன்னதை முழுதும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்: "தேதியெல்லாம் சரியாப் போட்டிருக்காளாங்க?"

"போட்டிருக்கா."

"அப்புறம் எதை வாபஸ் வாங்கறதுங்க மேடம்?"

ராத்திரி ஏழரைக்கு மேடம் மெஸ்ஸுக்கு வந்தார். தட்டு எடுத்தார். கிரேவியில் பட்டாணி மிதந்தது. ஒரு வாய் எப்படியோ இறங்கியது. இரண்டாம் வாயைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "மாஸ்டர், அண்டாவோட கொட்டுங்க" என்றார்.

"பிள்ளைங்களுக்கு என்ன போடறதும்மா?"

"ரசம் வைங்க. அப்பளம் பொரிங்க. இனிமே வெள்ளிக்கிழமை லீவுக் கணக்கு உங்க கைக்கு வரும், அதுக்குத் தக்கன ஆக்குங்க."

பிறகு நோட்டை வாங்கித் தன் கையெழுத்தை அடித்து, 'பரிமாறவில்லை' என்று எழுதினார்.

"பக்கத்துலயே நேரமும் போட்டுடுங்க மேடம்" என்றாள் பானு.

முறைத்துப் பார்த்துவிட்டு, போட்டார்.