முகப்புக் குறிப்பின் மூன்றாவது பத்தி

எண்பதுகளின் பிற்பாதியில் செர்டாங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்து ஆபீசில் கிராணியாக, அதாவது எழுத்தராக, வேலை பார்த்தேன். நான் சுங்கைப் பட்டாணியில் வளர்ந்தவள். தட்டச்சும் கொஞ்சம் கணினியும் படித்திருந்தேன். ஆபீசுக்கு முதல் கணினி வந்தபோது அதைத் தொடத் துணிந்தவள் நான் ஒருத்திதான்.

மானேஜர் அலோர் ஸ்டார் பக்கத்து மலாய்க்காரர், அதிகம் பேசாதவர். ஒவ்வொரு மாதமும் தோட்டத்தின் ஒவ்வொரு காட்டுக்கும், அதாவது ஒவ்வொரு பிரிவுக்கும், பழக்குலை வெட்டுகிறவர்கள் எத்தனை பேர் வேண்டும் என்று கணினியே சொல்கிற மாதிரி ஒரு ஒர்க்புக், அதாவது கணக்குக் கோப்பு, செய்து தரச் சொன்னார். இரண்டு மாதம் பிடித்தது. எதை எதை நம்பி இதைக் கட்டினாய், எப்படிச் சரிபார்த்தாய், நீ லீவில் இருந்தால் இன்னொருத்தர் மாதாமாதம் எப்படி நடத்துவது, மூன்றையும் ஒரு முகப்புக் குறிப்பில் எழுதி மேலே வைத்துக் கொடு என்று முன்பே சொல்லியிருந்தார்.

முதல் இரண்டு அனுமானங்களும் சுலபமாக எழுதிவிட்டேன். வெட்டுகிறவர்களின் கணக்கு குலைகளில்தான் இருக்கும். எண்ணெய் மில்லில் நிறுத்த எடையை அந்தக் காட்டின் குலை எண்ணிக்கையால் வகுத்து ஒரு குலையின் சராசரி எடையை எடுத்தேன். மாதத்துக்கு எத்தனை வேலைநாள் என்பதைப் போன வருஷத்து செக்ரோல் என்கிற ஆள்கணக்குப் பதிவேட்டிலிருந்து எடுத்தேன். மூன்றாவது, ஒரு ஆள் ஒரு நாளில் எவ்வளவு வெட்டுவான் என்பது. பன்னிரண்டு மாதத்துக்கும் சேர்த்து ஒரே சராசரி போட்டிருந்தேன்.

அந்தச் சராசரியைச் சரிபார்க்க ஆள்வாரியாக அச்சடித்துப் பார்த்தபோதுதான் மனசு உறுத்தியது. சராசரிக்குப் பக்கத்தில் யாருமே இல்லை. ஒரு கூட்டம் நாளைக்கு நூறு குலைக்கு மேல். இன்னொரு கூட்டம் அறுபதைத் தாண்டவில்லை. ஒரே ஒருவரின் வரிசை மட்டும் முதல் நாலு மாதம் நூற்றுப் பத்தில் நின்று, ஐந்தாவது மாதத்திலிருந்து அறுபதுக்கு இறங்கியிருந்தது. அதற்குப் பிறகு ஏறவே இல்லை.

அவரை எனக்குத் தெரியும். ஐந்தாவது மாதத்தில் அவர் சம்சாரம் காய்ச்சலில் இறந்துபோனார். தோட்டத்து ஆஸ்பத்திரியிலிருந்து சுங்கைப் பட்டாணிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே உயிர் போயிற்று. இரண்டு மாதம் கழித்து, வேலையில் பின்தங்குவதாக அவருக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் போனது. என் மேலதிகாரியான பெரிய கிராணி சொல்லச் சொல்ல அதைத் தட்டச்சு செய்தது நான்தான்.

அவர் வேலை செய்த காட்டின் மண்டோரை, அதாவது மேற்பார்வையாளரை, போய்ப் பார்த்தேன். குலையை வெட்டிவிட்டால் வேலை முடியாது, உதிரிப்பழம் பொறுக்கவேண்டும், குலைகளை ரோட்டோரத்துக்குச் சேர்க்கவேண்டும், அதையெல்லாம் வீட்டுப் பொம்பளைங்கதான் செய்கிறார்கள் என்றார். செக்ரோலில் அவர்கள் பெயர் கிடையாது. புருஷன் கணக்கிலேயே எல்லாம் ஏறும்.

"ஒண்டியா இருக்கிறவன் அறுபது வெட்டுறதே பெரிசும்மா," என்றார் மண்டோர். "இது ஆபீசுக்குத் தெரியும்னு நெனச்சேன்லா."

எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

குறிப்பின் மூன்றாவது பத்தியைத் திரும்ப எழுதினேன். இந்த சராசரி ஒரு ஆளின் உழைப்பு இல்லை என்று தொடங்கினேன். பெயர் பதியாத ஒரு பெண்ணின் உழைப்பும் பெரும்பாலான வரிசைகளில் கலந்திருக்கிறது. ஆகவே ஜோடியாக வேலை செய்கிறவர்களுக்கு ஒரு அளவு, தனியாளுக்கு ஒரு அளவு என்று அனுமானப் பகுதியில் பிரித்திருக்கிறேன். பெண்கள் வராமல் போனால் எத்தனை ஆள் கூடுதலாக வேண்டும் என்பதை அங்கே மாற்றிப் பார்க்கலாம். பழைய ஒரே சராசரியை வைத்து எந்தத் தனி ஆளையும் எடைபோடக் கூடாது. கடைசியாக, அந்த சராசரியை முதலில் போட்டவள் நான், அது பிழை என்றும் எழுதினேன்.

எப்படிச் சரிபார்த்தேன் என்பதையும் எழுதினேன்: காடுவாரி எடையின் கூட்டு மில்லின் எடைச்சீட்டுக் கூட்டோடு ஒத்துப்போகிறது, ஆள்நாள் செக்ரோலோடு ஒத்துப்போகிறது, ஒரு மாதத்தை முழுக்கக் கையால் போட்டுப் பார்த்தேன். மாதாமாதம் செய்யவேண்டியது: போன மாதத்துக் கோப்பைப் புதுப் பெயரில் நகலெடு, பழையதைத் தொடாதே, அச்சுத்தாளில் மஞ்சள் பென்சிலால் குறித்த கட்டங்களை மட்டும் நிரப்பு, சூத்திரம் உள்ள கட்டத்தில் எண் அடிக்காதே, யார் ஜோடி, யார் தனி என்று மண்டோரிடம் நேரில் கேள், வித்தியாசம் காட்டும் சோதனைக் கட்டம் சுழியாகாவிட்டால் காரணம் கண்டுபிடிக்காமல் அச்சடிக்காதே, இரண்டு டிஸ்கில் சேமி.

பெரிய கிராணி படித்துவிட்டு மூன்றாவது பத்தியை எடுத்துவிடச் சொன்னார்.

"கேட்டது ஆள் எத்தனன்னு. நீ ஆபீஸ் மேலயே குத்தம் எழுதுற. மானேஜர் துரை இத மேல அனுப்புனா யாரு பதில் சொல்றது?"

"நான் போட்ட கணக்கு சார். நான் சொல்லிக்கிறேன்," என்றேன். வீட்டில் அம்மாவுக்கு என் வேலைதான் ஆதாரம்.

மானேஜர் குறிப்பை என் எதிரிலேயே படித்தார். மூன்றாவது பத்தியை இரண்டு தடவை படித்தார். இது மண்டோர் சொன்னதா, நீ பார்த்ததா என்று கேட்டார். அவர் சொன்னதுதான், ஆனால் எண்களும் அதையே சொல்கின்றன என்று அந்த அச்சுத்தாளைக் கொடுத்தேன். நூற்றுப் பத்திலிருந்து அறுபதுக்கு இறங்கும் வரிசையில் விரலை வைத்து, இந்த மாதம் என்ன நடந்தது என்றார். சொன்னேன். கடிதம் தட்டச்சு செய்ததையும் சொன்னேன். மறுநாள் காலை ஏழு மணிக்கு அவர் மோட்டார் சைக்கிளில் அந்தக் காட்டுக்குப் போய், பத்து மணிவரை நின்று பார்த்துவிட்டு வந்தார்.

அந்த வாரமே எச்சரிக்கைக் கடிதத்தை ரத்து செய்து இன்னொரு கடிதம் எழுதச் சொன்னார். தட்டச்சு செய்து நானே கொண்டுபோனேன். குலை வெட்டுகிறவர் தன் லயத்து வீட்டு வாசலில் அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தார். மலாயில் இருந்ததைத் தமிழில் படித்துச் சொன்னேன். இது எப்படி நடந்தது என்று கேட்டார். கணக்கைப் பற்றியும் குறிப்பைப் பற்றியும் எனக்குத் தெரிந்த மட்டும் விளக்கினேன்.

அரிவாளைக் கீழே வைத்தார். பிறகு, "அதுல அவ பேரு எழுதியிருக்கா தங்கச்சி?" என்றார்.

"இல்லண்ணே. பொம்பளைங்கன்னு பொதுவாத்தான் எழுதுனேன்."

"சரி," என்றார். "பதினோரு வருஷம் பொறுக்குனா."

அவர் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மறுபடி அரிவாளை எடுத்தார். மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். கேட்காமலே திரும்பினேன்.

சில மாதங்களில் உதிரிப்பழம் பொறுக்கும் பெண்களின் பெயர்கள் செக்ரோலில் ஏறத் தொடங்கின. எல்லாக் காட்டிலும் இல்லை. சில புருஷன்மார் தங்கள் கணக்கு குறையும் என்று ஒத்துக்கொள்ளவில்லை. சில பெண்களே வேண்டாம் என்றார்கள். பெரிய கிராணி என்னோடு ஒரு வருஷம் வேலை விஷயம் தவிர எதுவும் பேசவில்லை. அந்தக் குலை வெட்டுகிறவர் அடுத்த வருஷம் தோட்டத்தை விட்டு குருண் பக்கம் ஒரு தொழிற்சாலைக்குப் போய்விட்டார். போகும்போது ஆபீசுக்கு வந்து என்னிடம் சொல்லிக்கொண்டுதான் போனார்.

நான் கல்யாணமாகி வேலையை விட்டபோது ஒர்க்புக்கை எனக்கு அடுத்து வந்த பையனிடம் ஒப்படைத்தேன். டிஸ்க்கைக் கொடுப்பதற்கு முன்னால் குறிப்பை முழுக்கப் படிக்கச் சொன்னேன். முதல் மாதம், யார் ஜோடி, யார் தனி என்று கேட்க, மண்டோர் வீட்டுக்கு நானும் கூடப் போனேன்.