ஆல்பா இல்லாமல் போன பகல்

கொழும்பிலுள்ள ஒரு முதலீட்டு நிதிக்கு, கரைத்தீவில் என் வீட்டிலிருந்தே ஆய்வாளராக வேலை செய்கிறேன். எங்கள் முகாமையாளர் பங்குகளைத் தேர்ந்தெடுப்பதில் திறமைசாலி என்று முதலீட்டாளர்களுக்கு ஓர் அறிக்கை போகவிருந்தது. சந்தையோடு சேர்ந்து எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதைக் காட்டும் பீட்டாவை மட்டும் வைத்துப் பார்த்தால் அது சரிதான். பீட்டா விளக்காத மேலதிக வருவாய், அதாவது ஆல்பா, நன்றாகவே தெரிந்தது.

அன்று பகல், சிறிய கம்பனிகளுக்கான காரணியையும், புத்தகப் பெறுமதியோடு பார்க்க விலை மலிவான கம்பனிகளுக்கான காரணியையும் சேர்த்துக் கணக்கை ஓட்டினேன். வருவாயின் பெரும்பகுதியை அந்த இரண்டுமே விளக்கிவிட்டன. ஆல்பா பூச்சியத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. தரவில் பிழையோ என்று திரும்பவும் ஓட்டினேன். அதே விடைதான். எனக்கு வேலை தந்தவரே அந்த முகாமையாளர்தான். உம்மா சாப்பிடக் கூப்பிட்டும் எழும்ப மனம் வரவில்லை.

கடைசியில் அவருக்குப் போன் எடுத்தேன்.

“அப்ப எனக்குத் திறமை இல்லை எண்டு சொல்றீங்களா?”

“இல்லை சேர். சின்ன, மலிவான கம்பனிகள் பொதுவாத் தந்த வருவாய்தான் இது. அதுக்கு மேலால உங்கட தெரிவால வந்தது எண்டு காட்ட இந்தத் தரவு காணாது.”

“பீட்டா குறைவுதானே? அப்ப ஆபத்தும் குறைவுதானே?”

“ஓம் சேர். ஆனா அது சந்தையோட உள்ள ஆபத்தை மட்டும்தான் காட்டும்.”

போனை வைத்துவிட்டார். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். பின்னேர அசர் தொழுகையிலும் மனம் நிற்கவில்லை. பிறகு அவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது: “பீட்டா மட்டும் உள்ளது, மற்றக் காரணிகளும் சேர்த்தது, இரண்டு அட்டவணையையும் அறிக்கையில போடுங்க. ‘திறமை’ எண்ட சொல்லை எடுங்க.”

முதலீட்டாளர் கூட்டத்தில் ஆல்பா ஏன் இல்லாமல் போனது என்பதை அவரே விளக்கினார். என்னோடு மட்டும் கனகாலம் கதைக்கவில்லை.