காண்ட்ராக்ட் தாள்

அன்று காலை பதற்றத்தில் காபியைக்கூடத் தொடவில்லை. சுரங்க டவுன்ஷிப் பள்ளியில் நாலாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறவள் ஒரு பக்கப் பாடத்துக்கு இப்படிப் பயப்படலாமா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

என் வகுப்பில் மூன்று பிள்ளைகளுக்கு டிஸ்லெக்சியா. புத்தியில் ஒரு குறையும் இல்லை, எழுத்தைப் பார்த்து ஒலியாக்குவதில்தான் சிக்கல். வாரம் ஒருமுறை வரும் சிறப்பாசிரியை சொன்னபடி பாடத்தைச் சுருக்கி, முக்கியமான நான்கு வாக்கியங்களை மட்டும் பெரிய எழுத்தில், இடைவெளி விட்டு அச்செடுத்து மூவருக்கும் கொடுத்தேன். மற்றவர்களுக்குப் புத்தகத்தின் முழுப் பக்கம். நல்ல காரியம் செய்துவிட்டேன் என்று எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

ஆனால் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு உலகமே இரண்டு வகைதான். அப்பா பெர்மனென்டா, காண்ட்ராக்டா? மறுநாளே முழுப் பக்கம் பெர்மனென்ட் ஆனது, என் தாள் காண்ட்ராக்ட் ஆனது. மூவரில் ஒருத்தியின் அப்பா உண்மையிலேயே மைன்ஸில் காண்ட்ராக்ட் தொழிலாளி. அவள் தாளை நான்காக மடித்துப் பாவாடைக்குள் செருகிக்கொண்டாள். கோபம் எனக்குப் பிள்ளைகள் மேல் வரவில்லை, என் மேல்தான் வந்தது.

விஷயம் அவள் அப்பா காதுக்குப் போனது. ஷிப்ட் முடித்து நேரே பள்ளிக்கு வந்தவர் தலைமையாசிரியையிடம், மகளை மறுபடி மூன்றாம் வகுப்பில் உட்கார வைத்துவிடுங்கள், அங்கே எல்லோரையும் போல முழுப் பாடம் படிக்கட்டும் என்று கேட்டார். காதால் கேட்டதை எல்லாம் புரிந்துகொள்கிற பெண் அவள். கீழே போனால் மறுபடி வாயைத் திறக்க மாட்டாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஒரே ஒரு வகுப்பைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள் என்று கெஞ்சினேன். தலைமையாசிரியையும் பக்கத்தில் உட்காருவதாகச் சொன்னார்.

அந்த வகுப்புதான் அன்று. சுருக்கிய தாளை இந்தமுறை எல்லோருக்கும் கொடுத்தேன். முழுப் பக்கத்தை நானே வாசித்துக் காட்டினேன். மழைக்கு முன்னால் எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறும் பாடம். பிறகு ஆளுக்கொரு தட்டில் மணல். கடினமான சொல்லை அசை அசையாகக் கைதட்டிப் பிரித்தோம். எழுத்தின் ஒலியை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே விரலால் மணலில் எழுதச் சொன்னேன். பெஞ்சு வரிசைப்படி எழுந்து நின்று வாசிக்கிற பழைய வழக்கத்தையும் விட்டேன். இருவர் இருவராக உட்கார்ந்து, வாக்கியத்துக்கு அடியில் அட்டை வைத்து மெல்ல வாசித்தார்கள்.

கடைசி பெஞ்சில் தலைமையாசிரியைக்குப் பக்கத்தில் அவள் அப்பா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

எறும்பு ஏன் மேட்டுக்கு ஏறுகிறது என்று கேட்டேன். எழுத வேண்டாம், வாயால் சொன்னால் போதும். அவள்தான் முதலில் கை தூக்கினாள். பள்ளத்தில் தண்ணீர் நின்றால் முட்டை மிதந்து போய்விடும் என்றாள். பிறகு, நான் கேட்காமலேயே, தாளின் இரண்டாம் வாக்கியத்தை வாசிக்கத் தொடங்கினாள். எனக்கு உயிரே போய்விட்டது. ஒரு சொல்லில் நின்றாள். பக்கத்துப் பெண் எடுத்துக்கொடுக்க வாயெடுத்தாள், நான் தலையசைத்துத் தடுத்தேன். அவள் விரல் மணலுக்குப் போனது, உதடு அசைந்தது, சொல் வந்தது. வாக்கியத்தை முடித்துவிட்டு நிமிர்ந்தாள். யாரும் சிரிக்கவில்லை.

மணி அடித்துப் பிள்ளைகள் வெளியே ஓடியதும் அவள் அப்பா என்னிடம் வந்தார். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"இவ மூணாவதுக்குப் போவ வேணாம் டீச்சர்," என்றார். மேஜையிலிருந்த மணல் தட்டை ஓரமாக நகர்த்தி வைத்தார். "நானும் இவள மாதிரிதாங்க. ஒரு வரிய படிக்க மல்லுக்கட்டிக்கினு இருப்பேன். மக்குன்னு கிளாஸே சிரிக்கும். ஏழாவதோட நின்னுட்டேன். சின்னப் பசங்களோட உக்காந்தா இவள யாரும் சிரிக்க மாட்டாங்கன்னுதான் கீழ அனுப்பப் பாத்தேன்."

பரீட்சையிலும் கேள்வியை நானே வாசித்துக் காட்டுகிறேன், அவள் வாயால் பதில் சொல்லட்டும், கூடுதல் நேரமும் கொடுக்கிறேன் என்று அவசர அவசரமாகச் சொன்னேன்.

அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். வாசல் வரை போனவர் திரும்பி நின்றார்.

"அஞ்சாவதுக்கு வேற டீச்சராச்சேங்க. அவங்களும் இப்பிடி செய்வாங்களா?"

அந்த டீச்சரிடம் நானே போய்ப் பேசுகிறேன் என்று மட்டும் சொன்னேன்.