ஜன்னலோரச் சுவிட்ச்

அந்த எலக்ட்ரீஷியனுக்கு ஊர் வைத்த பெயர் "மூணு மடங்கு". பைப்பை அளந்து அதே நீளத்துக்கு ஒயர் வாங்கி வருகிறவர்கள் மேல் எரிந்து விழுவார். "ஒரு பைப்புக்குள்ள ஃபேஸ், நியூட்ரல், எர்த்னு மூணு ஒயர் ஓடும். பைப் பத்து மீட்டர்னா ஒயர் முப்பதுய்யா!"

தையல்கார அக்காவும் தன் புது அறைக்கு அதே தப்பைத்தான் செய்திருந்தாள். கத்துவதற்கு வாயைத் திறந்தவர், அவள் முகம் வாடியதைப் பார்த்து மூடிக்கொண்டார். சுவர்களை ஒருமுறை சுற்றி வந்தார்.

"கரண்டு ஜன்னல் பக்கமா வருது. சுவிட்ச் போர்டை வாசல்கிட்ட வைக்காம ஜன்னலோரமா இருக்கிற உங்க மெஷின் பக்கத்துலயே வெச்சா பைப்பும் நிறைய மிச்சம், நீங்க வாங்கின ஒயரே போதும். சுவிட்ச் செலவு மாறாது. என் கூலியும் ஒரு லைட்டுக்கு, ஒரு ஃபேனுக்கு இவ்வளவுன்னு பாயிண்ட் கணக்குதான், குறையாது. ஆனா உள்ள வரும்போது இருட்டுல நடந்துபோய்தான் லைட்டைப் போடணும்க்கா."

அக்கா சிரித்துவிட்டாள். "வெளிய போயிட்டு வர்றவங்களுக்குத்தானே தம்பி அந்தக் கவலை? நான் மெஷின்ல உட்கார்ந்தா, எந்திரிக்கிறதே லைட்டை அணைக்கத்தான்."

மூணு மடங்கு அவளை நாற்காலியில் உட்காரச் சொல்லி, உட்கார்ந்தபடியே கை எட்டுகிற உயரத்தில் சுவரில் பென்சிலால் கோடு போட்டார்.