சீனியரிடம் கேட்ட பத்து நிமிஷம்

ஒரு மனுஷனிடம் பத்து நிமிஷம் கேட்டு மூன்று வாரம் அலைந்திருக்கிறேன். அவர் ஒன்றும் டெல்லியில் இல்லை. தினமும் காலையில் இரண்டு மணி நேரம், சாயங்காலம் மூன்று மணி நேரம், எனக்கு எட்டடி தூரத்தில் அதே அறையில் உட்கார்ந்திருப்பவர். என் சீனியர். மன்னார்குடியில் அவரிடம் ஜூனியர் வக்கீலாகச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. எனக்கு வயது முப்பத்திரண்டு, கல்யாணம் ஆகவில்லை. கேஸுக்குச் சம்பந்தமில்லாத விவரம் என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அந்த ஆறு வருஷத்தில் வாய்தா வாங்கியிருக்கிறேன், மனு எழுதியிருக்கிறேன், நகல் வாங்க வரிசையில் நின்றிருக்கிறேன். ஒரு சாட்சியைக்கூடக் குறுக்கு விசாரணை செய்ததில்லை. அது சீனியரின் வேலை. அவர் எழுந்தால் சாட்சிக்கு நாக்கு உலரும். நான் பின்னால் உட்கார்ந்து அவருக்குக் கேஸ் கட்டைப் பிரித்துப் பக்கம் எடுத்துக் கொடுப்பேன். பக்கம் எடுத்துக் கொடுப்பதில் என்னை அடிக்க இந்தத் தாலுகாவிலேயே ஆள் கிடையாது என்று வேண்டுமானால் மார் தட்டிக்கொள்ளலாம்.

ஒரே ஒரு கட்டுதான் என்னுடையது என்று மனசுக்குள் வைத்திருந்தேன். அது ஒரு வாய்க்கால் தாவா. கடைமடையில் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், நிலம் வைத்திருக்கும் ஒரு அம்மா எங்கள் கட்சிக்காரர். வீட்டுக்காரர் இல்லை, தனியாகப் பயிர் வைக்கிறவர். மேல்பக்கத்து நிலக்காரர் அந்த நிலத்துக்குத் தண்ணீர் போன வாய்க்காலைத் தூர்த்து வயலோடு சேர்த்துக்கொண்டார். கேட்டால், அங்கே வாய்க்கால் என்று ஒன்று இருந்ததே இல்லை என்கிறார். அன்றிலிருந்து அந்த அம்மா பக்கத்து வயல்காரரைக் கெஞ்சி, அவர் வயல் வழியாகத் தண்ணீர் பாய்ச்சிக்கொள்கிறார். அவர் நாளைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டால் சம்பா போச்சு.

தாவாவை எழுதியது நான். கோர்ட் நியமித்த கமிஷனர் இடத்தைப் பார்க்க வந்தபோது கூடப் போனதும் நான்தான். ஆற்றில் தண்ணீர் வரத்து நின்றுபோயிருந்த மாசி மாதம். தூர்த்த இடம் முழுக்கச் சுற்றி வந்து, கடைசியில் எதிராளியின் வண்டிப்பாதைக்கு அடியில் பாதி மண் மூடிக் கிடந்த சிமெண்ட் குழாயைக் காலால் தட்டிக் கண்டுபிடித்தது அந்த அம்மா. "இது இருக்கே, பாருங்கம்மா" என்றார். கமிஷனர் குழாய் இருப்பதாக எழுதிக்கொண்டார். யார் பதித்தது என்று எழுதுவது அவர் வேலையில்லை. அதை எதிராளியின் வாயிலிருந்துதான் வரவழைக்க வேண்டும்.

இப்போது எதிராளி கூண்டேறும் கட்டம். குறுக்கு விசாரணைக்கு ஒரு வியாழக்கிழமை போட்டிருந்தார்கள். அன்றைக்குச் சீனியருக்குத் தஞ்சாவூரில் ஒரு அப்பீல் வாதம். ஆகவே எங்கள் ஆபீஸில் இருந்து ஒரு ஜூனியர்தான் எழுந்திருக்க வேண்டும். ஜூனியர் என்றால் இரண்டே பேர், நானும், என்னைவிட நான்கு வருஷம் இளைய ஒரு தம்பியும். நான் நான்கு பக்கத்துக்குக் கேள்வி எழுதி வைத்துக்கொண்டேன். சீனியரிடம் பத்து நிமிஷம் உட்கார்ந்து, "இதை நானே பண்றேன் சார், கேள்விகளைப் பாருங்க" என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்கிறேன், அதை எழுத எனக்குக் கை வரவில்லை. குறுக்கு விசாரணையை எனக்குக் கொடுங்கள் என்று ஒரு ஜூனியர் வாட்ஸ்அப்பில் எழுதினால் அதிகப்பிரசங்கித்தனமாக இருக்குமாம். யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. எங்கள் பக்கம் அது பிறக்கும்போதே கூட வருகிறது. ஆகவே இப்படி அனுப்பினேன்: சார், உங்களிடம் ஒரு பத்து நிமிடம் பேச வேண்டும். உங்களுக்கு எப்போது சவுகரியமோ அப்போது. "பேசலாம்மா" என்று பதில் வந்தது. அதோடு சரி.

உங்களுக்கு எப்போது சவுகரியமோ என்பதைப் போல ஒரு தொல்லையை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று இப்போது தெரிகிறது. மரியாதை என்று நினைத்து, நாளைத் தேடும் வேலையையும் நேரத்தைத் தேடும் வேலையையும் அவர் தலையிலேயே கட்டியிருக்கிறேன். அவர் ஏன் தேடப் போகிறார்? காலையில் கட்சிக்காரர்கள் நெருக்கிக்கொண்டு நிற்பார்கள். கோர்ட்டில் ஓட்டம். ஒரு நாள் கார் வரைக்கும் கூடவே நடந்தேன். கதவு வரை வந்ததும் செல்போன் அடித்தது. இன்னொரு நாள் மதியம் அவர் சாப்பிட்டு முடிக்கக் காத்திருந்தேன். சாப்பிட்ட கையோடு, ஒரு சொந்தக்காரர் நிலத்துக்குப் பட்டா மாற்ற வந்து உட்கார்ந்துகொண்டார். எழுந்து போகிற ஜென்மமா அது!

இரண்டாவது வாரம் குமாஸ்தாவிடம் போனேன். இருபது வருஷமாக அந்த ஆபீஸை நடத்துகிறவர். சீனியர் எப்போது மூச்சு விடுவார் என்பதுகூட அவருக்குத் தெரியும். என்ன விஷயம் என்று சொன்னால் சேதி போட்டு வைப்பதாகச் சொன்னார். நேரில்தான் சொல்ல வேண்டும் என்றேன். அவர் தலையை ஆட்டிச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் அப்போதே பிடித்து நிறுத்தி விசாரித்திருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை வந்துவிட்டது. கோர்ட்டில் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து வேறொரு வழக்குக்கு ஒரு சின்ன மனு எழுதிக்கொண்டிருந்தேன். கடைசிப் பாராவில், இன்னது வேண்டும் என்று வேண்டுதல் எழுதும்போது எனக்கு என் மேலேயே பத்திக்கொண்டு வந்தது. என்ன வேண்டும் என்று எழுதாத மனுவை எந்த நீதிபதி கையால் தொடுவார்? தினமும் ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுக்கிற கழுதைக்குத் தனக்கென்று எழுதத் தெரியவில்லை. அந்த இடத்திலேயே செல்போனை எடுத்தேன்.

சார், வாய்க்கால் வழக்கில் வியாழனன்று பிரதிவாதியை நானே குறுக்கு விசாரணை செய்ய அனுமதி கேட்க வேண்டும். கேள்விகள் எழுதி வைத்திருக்கிறேன், நான்கு பக்கம். பத்து நிமிடம் போதும். ஒன்று, நாளை காலை ஏழு மணி, கட்சிக்காரர்கள் வருவதற்கு முன். இரண்டு, நாளை மதியம் இரண்டு மணி, வக்கீல்கள் சங்க அறையில். மூன்று, நாளை மாலை ஐந்தரை. எண் மட்டும் போட்டால் போதும், நான் வந்துவிடுகிறேன்.

நான்கே நிமிஷத்தில் பதில் வந்தது. "1". மூன்று வாரம் நாய் படாத பாடு பட்டதற்கு ஒரே ஒரு எண். சந்தோஷப்படுவதா சுவரில் முட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை.

புதன்கிழமை காலை ஏழு மணிக்குப் போனேன். நான்கு பக்கத்தையும் வாங்கி நிதானமாகப் படித்தார். கடைசிப் பக்கத்தில் இரண்டு கேள்வி இருந்தது. வண்டிப்பாதைக்கு அடியில் குழாயைப் பதித்தது யார்? வாய்க்கால் இல்லையென்றால் குழாய் எதற்கு? இரண்டாவதைச் சிவப்பு மையால் அடித்தார்.

"எதுக்குன்னு கேட்டா கதை சொல்லுவான். நான்தான் பதிச்சேன்னு அவன் சொன்ன உடனே உக்காந்துடணும். எதுக்குங்கறத நாம வாதத்துல சொல்லிக்கலாம்," என்றார். பிறகு காகிதத்தை மடித்துக் கையிலேயே வைத்துக்கொண்டார். "நல்லா எழுதியிருக்கம்மா. ஆனா ஞாயித்துக்கிழமையே தம்பிகிட்ட சொல்லிட்டேனே. நீ கல்யாணமாகிப் போகப் போறேன்னுல்ல நெனச்சேன்."

எனக்கு ஒரு நொடி ஒன்றுமே விளங்கவில்லை. பிறகு மெதுவாக விளங்கியது. முப்பத்திரண்டு வயதுப் பெண் பத்து நிமிஷம் தனியாகப் பேச வேண்டும் என்கிறாள், விஷயத்தைச் சொல்ல மாட்டேன் என்கிறாள். அப்படியானால் கல்யாணம்தான் என்று குமாஸ்தா தீர்ப்பெழுதிச் சீனியரிடம் சொல்லியிருக்கிறார். சீனியரும், போகிற பெண்ணிடம் எதற்கு என்று கேஸைத் தம்பியிடம் மாற்றிவிட்டார். கட்சிக்கார அம்மாவுக்கும் போன் போட்டுச் சொல்லியாயிற்றாம்.

எனக்குக் கல்யாணமும் இல்லை, ஒன்றும் இல்லை சார் என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. அவருக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவர் கெட்டவர் இல்லை. "மொதல் நாளே இத எழுதியிருந்தா ஒனக்குத்தான்மா குடுத்திருப்பேன்," என்றார். தம்பி மூன்று நாளாகக் கட்டைப் படித்துக்கொண்டிருக்கிறான், கடைசி நாளில் பிடுங்கினால் அவன் மனசு உடைந்துபோகும், இந்தத் தடவை அவனே செய்யட்டும், கேள்விகளை அவனிடம் கொடு என்றார். கொடுத்தேன். அழுகை வந்தது. கோபத்தில் வந்த அழுகைதான், ஆனால் அழுகை அழுகைதானே.

வியாழக்கிழமை தம்பி எழுந்தான். நான் பின்னால் உட்கார்ந்து பக்கம் எடுத்துக் கொடுத்தேன். மூன்று பக்கம் வரைக்கும் ஒழுங்காகத்தான் போனான். எதிராளி எல்லாவற்றுக்கும் "இல்லை, தவறு" என்று அடித்துப் பேசியதில் அவனுக்கு வியர்த்துவிட்டது. நீதிபதி கடிகாரத்தைப் பார்த்தார். குழாய் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அவன் கையருகே நகர்த்தினேன். அவன் அதைப் பார்க்கவில்லை. வேறு கேள்வி இல்லை என்று சொல்லி உட்கார்ந்துவிட்டான். எதிராளி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கூண்டை விட்டு இறங்கினார்.

வெளியே வந்து தம்பியைக் கேட்டேன். குழாய் சின்ன விஷயம் என்று நினைத்து விட்டுவிட்டதாகச் சொன்னான். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அந்த மண்ணில் அவன் காலை வைத்ததில்லை, அவனுக்கு எப்படித் தெரியும்?

கட்சிக்கார அம்மா வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். மஞ்சள் பையைத் திறந்து எனக்கு ஒரு சீப்பு பூவம்பழம் கொடுத்தார். கல்யாணம் என்று கேள்விப்பட்டாராம், வெறுங்கையோடு வரக் கூடாதாம். நான் வாங்கிக்கொண்டு நின்றேன்.

"அந்தக் கொழாயப் பத்தி ஏம்மா கேக்கல?" என்றார். "தம்பி உக்காந்ததும் நீங்க எந்திரிச்சுக் கேப்பீங்கன்னு ஒங்க முகத்தையே பாத்துக்கிட்டிருந்தேன்."

ஒருவர் முடித்தபின் இன்னொருவர் எழுந்து கேட்க முடியாது என்று அவருக்கு விளக்கலாம். விளக்கி என்ன ஆகப் போகிறது? பழத்தை மதில் மேல் வைத்துவிட்டு, அவர் முன்னாலேயே செல்போனை எடுத்து எழுதினேன். சார், முதல் விஷயம், எனக்குக் கல்யாணம் இல்லை, கட்சிக்காரருக்கும் சொல்லிவிடுகிறேன். குழாய்க் கேள்வி விட்டுப்போயிற்று. சாட்சியைத் திரும்ப அழைக்க மனுப் போட வேண்டும். மனுவை நானே வாதாடி, அனுமதி கிடைத்தால் கேள்வியையும் நானே கேட்கிறேன். இதற்குப் பத்து நிமிடம். ஒன்று, இன்று மாலை ஐந்தரை. இரண்டு, நாளை காலை ஏழு.

அனுப்பிய பிறகு எனக்குக் கல்யாணம் இல்லை என்பதை அந்த அம்மாவிடமும் வாயால் சொன்னேன். அவர் பழத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. "அப்ப நீங்கதான கேப்பீங்க?" என்று மட்டும் கேட்டார். கோர்ட் திரும்ப அழைத்தால்தான் உண்டு, இல்லையென்றால் இல்லை என்று உள்ளதைச் சொன்னேன்.

சீனியர் தஞ்சாவூரிலிருந்து காரில் வந்துகொண்டிருந்திருக்க வேண்டும். கால் மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. "1. மனுவோடு வா. நீயே பேசு."

அப்போது மணி நாலு. அந்த அம்மா பஸ்ஸுக்குக் கிளம்பப் பார்த்தார். "போயிடாதீங்கம்மா, பிரமாண வாக்குமூலத்துல ஒங்க கையெழுத்து வேணும்," என்று அவரை பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன். முதலில் கடைசிப் பாராவை எழுதினேன்.