கத்தரி அக்கா வெட்டிய ஓரம்

ஆய்வகத்தில் பரிசோதனை முடிவுகளைத் தட்டச்சு செய்பவளை எல்லோரும் கத்தரி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கணினித் திரையைப் படம் பிடித்தால், பிழைச் செய்தியை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றிலும் கச்சிதமாக வெட்டிவிடுவாள். காரணம் இருக்கிறது. ஒருமுறை முழுத் திரையையும் அனுப்பி, ஒரு நோயாளியின் பெயர் வெளியே போய், ஆய்வகத் தலைமை டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். "இன்னொரு தப்பு நடந்துச்சுன்னா கோப்பறைக்கு மாத்திடுவேன்" என்றார் அவர். தட்டச்சு மேசையில் பதினோரு வருஷமாக அமர்ந்த நாற்காலி அவளுடையது. கோப்பறையின் தூசியை நினைத்தாலே அவளுக்குத் தும்மல் வரும்.

அன்று காலை மின்சாரம் போய் வந்த பிறகு, அவளது கணினியிலிருந்து வார்டுகளுக்கு முடிவுகள் போகவில்லை. முடிவுகளை வாங்கி அனுப்பும் சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழை நம்ப முடியவில்லை என்று ஒரு பெட்டி வந்து நின்றது. முடிவுகளைக் காகிதத்தில் அச்சடித்து ஆள் வழியாக அனுப்பிக்கொண்டே, அந்தப் பெட்டியைப் படம் பிடித்து வழக்கம்போல வெட்டி, பக்கத்து மேசைக் கணினியில் இருந்த ஏஐ கருவியிடம் கொடுத்தாள். மருத்துவமனையே பயன்படுத்தச் சொன்ன கருவி.

அது பிழைச் செய்தியைப் பிசகாமல் படித்தது. "சான்றிதழ் காலாவதியாகி இருக்கலாம், அல்லது கணினியின் தேதி தவறாக இருப்பதால் சான்றிதழ் செல்லாதது போலத் தெரியலாம். இந்தப் படத்தில் கடிகாரம் இல்லை, அதனால் எது என்று சொல்ல முடியாது" என்றது.

'வெட்டினதுல போயிருச்சு' என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். நோயாளிப் பட்டியலை மூடி, ஒரு பெயரும் தெரியவில்லை என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, முழுத் திரையையும் அனுப்பினாள்.

"கீழ் ஓரத்தில் தெரியும் தேதி ஐந்து ஆண்டுகளுக்கு முந்தையது போலத் தெரிகிறது. ஆனால் இன்றைய தேதியை என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. நீங்கள்தான் சரிபார்க்க வேண்டும்."

சுவரில் காலண்டர் இருந்தது. ஒப்பிட்டால், ஐந்து வருஷமேதான் வித்தியாசம். கடிகாரத்துக்கு உயிர் கொடுக்கும் உள் பேட்டரி தீர்ந்திருக்கிறது. தேதியைத் திருத்தியதும் முடிவுகள் சரசரவெனப் போயின. அப்பாடா என்று சாய்ந்தவள் அடுத்த நொடியே நிமிர்ந்து உட்கார்ந்தாள். காலையில் அச்சடித்த முப்பத்தாறு அறிக்கைகளிலும் அதே பழைய தேதி இருக்கும். அவற்றை யாரும் கருவியிடம் காட்டவில்லை, அதற்கு எப்படித் தெரியும்? சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாமலே போகலாம். ஆனால் அறிக்கை பழையது என்று ஒரு டாக்டர் ஒதுக்கிவிட்டால்? இன்றைய முடிவு என்று தெரியாமல் மருந்தை மாற்றாமல் விட்டால்?

பயந்துகொண்டேதான் போனாள், ஆனாலும் போனாள். தலைமை டாக்டரின் மேசை முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னாள்.

"சார், நான்தான் கவனிக்கல. கோப்பறைன்னாலும் பரவாயில்ல, அறிக்கைய மட்டும் உடனே திருப்பி வாங்கணும்."

அவர் தன்னிடமிருந்த அந்த அறிக்கைகளின் பிரதிகளைப் புரட்டினார். ஒவ்வொன்றின் அடியிலும் அவர் கையெழுத்து இருந்தது, தேதிக்கு இரண்டு விரல் கீழே.

"முப்பத்தாறு தடவ நானும் பாத்திருக்கேன்மா" என்றார், எழுந்துகொண்டே. "மேல் மாடி வார்டுக எனக்கு, கீழ் மாடி வார்டுக உனக்கு. வா."