பதிலளித்தோர் தொண்ணூற்றாறு பேர்

மாமல்லபுரத்துக் கல்வெட்டிலேயே ஒற்றுப்பிழை கண்டுபிடித்து, திருத்துவதற்கு உளியோடு ஆள் வரவழைத்தவள் நான். மிகைதான், ஒப்புக்கொள்கிறேன். அது கல்வெட்டு அல்ல, கழிப்பிடத்து அறிவிப்புப் பலகை. வந்தவர் கையில் இருந்ததும் பெயின்ட் டப்பாதான். ஆனால் என் பேனாவால் நானூற்றுப் பத்து வீடுகள் இடம்பெயர்ந்தன என்பதில் மிகை இல்லை. அதைச் சொல்ல ஷாரோனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கால்வாய்க்கரைக் குடியிருப்பில் பிறந்தவள் ஷாரோன். தாத்தா அடுத்தவர் வயலில் நாற்று நட்டார். அம்மா ராஜம் கடற்கரை விடுதியொன்றில் அறை துடைப்பவர். ஒன்பதாம் வகுப்பில் அவள் என் மாணவி. கட்டுரையில் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதுவாள். "வேற சொல்லுக்கா பஞ்சம்?" என்று அரை மதிப்பெண் குறைப்பேன். படித்து முடித்தவள், செங்கல்பட்டில் எட்டுப் பேர் வேலை செய்யும் ஓர் ஆய்வு அலுவலகத்தில் சேர்ந்தாள். வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டு, பதிலைப் பதிந்து, அறிக்கை எழுதும் வேலை. அறிக்கையின் தமிழைத் திருத்திக் கொடுப்பது என் ஓய்வுக்கால வேலை.

போன வருடம் அவளுடைய ஊரிலேயே ஆய்வு. கரையில் இருப்பவர்களைத் திருக்கழுக்குன்றம் தாண்டிக் கட்டிய அடுக்குமாடிக்கு மாற்றுவது அரசின் திட்டம். குடியிருப்போரில் பாதிக்கு மேல் சம்மதிக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆய்வுக்குக் கொடுத்தது நான்கு நாள், அதுவும் பகலில். முக்கால்வாசிக் கதவுகள் பூட்டிக் கிடந்தன; ஆட்கள் விடுதிக்கும் சவுக்கு வெட்டவும் சிறுசேரிக்கு வண்டி ஓட்டவும் போயிருந்தார்கள். வீட்டுக்கு ஒருவராகப் பேசக் கிடைத்தவர்கள் தொண்ணூற்றாறு பேர். அவர்களில் அறுபத்திரண்டு பேர் போகிறோம் என்றார்கள்.

அவள் எழுதிய மூன்றாம் பக்கத்தில் 'பதிலளித்தோர்' என்ற சொல் பதினொரு முறை வந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. முதல் இடத்தில் விட்டுவைத்தேன். அடுத்ததைப் 'பங்கேற்பாளர்கள்' ஆக்கினேன், அதற்கடுத்ததைக் 'குடியிருப்போர்'. ஓரிடத்தில் 'ஊர்மக்கள்' என்றும் போட்டேன். வாசிக்கத் தேனாக இருந்தது. ஷாரோன் வேறு ஊரில் ஆய்வில் இருந்தாள். அலுவலகத் தலைவர் நரசிம்மன் அவசரத்தில் அப்படியே அச்சடித்து அனுப்பிவிட்டார்.

அச்சுப் பிரதியோடு அவள் என் வீட்டுக்கு வந்தபோது ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

"இன்னா டீச்சர் பண்ணி வெச்சிருக்கீங்க?"

"என்னடி, சந்திப்பிழையா?"

"குடியிருப்போர்ல அறுபத்தஞ்சு விழுக்காடு சம்மதம்னு கீது. குடியிருப்போர்னா நானூத்திப் பத்து வூடு. நான் பேசுனது தொண்ணூத்தாறு பேருகிட்ட. பங்கேற்பாளருன்னா ஆய்வுக்கு முன்ன ஊர்ல போட்ட கூட்டத்துக்கு வந்த இருபத்தோரு பேரு. அவங்ககிட்ட சம்மதமான்னு நான் கேக்கவேயில்ல. மூணும் வேற வேற ஆளுங்க டீச்சர்."

"எல்லாம் மனுஷங்கதானே?" என்றேன், வீம்புக்கு.

"எங்கம்மாவும் மனுஷிதான். ஆனா பதிலளிச்சவங்க இல்ல. அன்னிக்கு வேலைக்குப் பூட்டாங்க."

அச்சுப் பிரதியை வாங்கி மூன்றாம் பக்கத்தைப் பிரித்தேன்.

நரசிம்மன் மறுப்பே சொல்லாமல் திருத்தச் சீட்டு அடித்துக் கொடுத்தார்: மூன்றாம் பக்கத்தில் 'குடியிருப்போர்' என்றிருப்பதைப் 'பதிலளித்தோர், 96 பேர்' எனப் படிக்கவும். அதை எடுத்துக்கொண்டு அவள் அரசு அலுவலகத்துக்கு ஓடினாள். திட்டத்தை முடிவு செய்யும் அதிகாரிகள் கூட்டம் முந்தின நாளே முடிந்திருந்தது. 'குடியிருப்போரில் பெரும்பான்மையினர் சம்மதம்' என்று கூட்டக் குறிப்பில் கையெழுத்தும் ஆகியிருந்தது. எழுத்தர் சீட்டை வாங்கி அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் பின் அடித்தார்.

"அறிக்கை சரியாயிடுச்சிம்மா. குறிப்பைத் திருத்தணும்னா மறுபடி கூட்டம் போடணும்."

கூட்டம் போடவில்லை. பொங்கல் கழிந்ததும் லாரிகள் வந்தன.

சாமான் ஏற்றும்போது யாரோ அந்த அறிக்கையை நீட்டி, "உன் பேருதானே போட்டுகீது?" என்று ஷாரோனிடம் கேட்டார்கள். அட்டையில் அவள் பெயர் இருந்தது. பிழை திருத்துபவர் பெயரை யாரும் அச்சடிப்பதில்லை. அவளும் சொல்லவில்லை. நானும் போய்ச் சொல்லவில்லை. ராஜம் இப்போது நான்காவது மாடியில் இருக்கிறார். இரண்டு பஸ் மாறி விடுதிக்குப் போய்ச் சேர்வதற்குள் தாமதமாகி, வேலை போய்விட்டது.

இப்போது ஷாரோன் எழுதும் அறிக்கைகளின் முதல் பக்கத்தில் எந்தச் சொல் யாரைக் குறிக்கிறது, அவர்கள் எத்தனை பேர் என்று இருக்கும். கடைசிப் பக்கம் வரை அந்தச் சொல் மாறாது. அலுக்கத்தான் செய்கிறது. ஒன்றையும் தொடாமல் திருப்பிக் கொடுக்கிறேன்.

இதை எழுதி, எதிரே உட்கார்ந்திருந்த அவளுக்கே வாசித்துக் காட்டினேன். 'ஊர்மக்கள் யாரும் இன்றுவரை அவளோடு பேசுவதில்லை' என்று முடித்திருந்தேன்.

"ஊர்மக்கள்னு போடாதீங்க டீச்சர்," என்றாள். "பேசாதது ஒம்போது வூடு. எண்ணிக்கினுதான் வந்தேன். அதுல எங்கம்மா வூடு ஒண்ணு."